இரும்பும் சிலிக்கானும் ஏறக்குறைய ஒரே சூட்டில் உருகுகின்றன. ஒன்று வளைகிறது, மற்றது ஏன் உடைகிறது?

"டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். பிணைப்பு வலுவாக இருந்தால் உருகுநிலையும் கடினத்தன்மையும் அதிகம் என்று நோட்ஸில் இருக்கிறது. இரும்பும் சிலிக்கானும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் உருகுகின்றன. ஆனால் இரும்பு வளைகிறது, சிலிக்கான் கண்ணாடி மாதிரி உடைகிறது. கிராஃபைட்டில் இருப்பதும் சகப்பிணைப்புதான், அது பேப்பரில் தேய்கிறது. எங்கே இடிக்கிறது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்."

உங்கள் நோட்ஸில் உள்ள வரி இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. இடிப்பது அங்கேதான்.

ஒரு திண்மம் உருக வேண்டுமானால் அதிலுள்ள ஒவ்வொரு அணுவும் (மூலக்கூறுகளால் ஆன பொருளென்றால் ஒவ்வொரு மூலக்கூறும்) தன் நிலையான இடத்தை விட்டு அலையத் தொடங்க வேண்டும். வெப்பம் எல்லாத் திசைகளிலும் எல்லாரையும் சேர்த்து ஆட்டுகிறது. எனவே உருகுநிலை கேட்பது, "அணுக்களை இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பிடி எவ்வளவு?" என்பதை. கடினத்தன்மை அப்படியல்ல. ஓர் ஊசியை மேற்பரப்பில் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். பள்ளம் விழ வேண்டுமானால் அணுத் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். ஆகவே அது கேட்பது, "ஓர் அணு பழைய பக்கத்து அணுவை விட்டுவிட்டுப் புதிய பக்கத்து அணுவைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு சுலபம்?" என்பதை. வலுவான பிடியாக இருந்தும் ஆளை மாற்றிக்கொள்ளத் தயங்காத பிணைப்பு உண்டு. உலோகப் பிணைப்பு அப்படிப்பட்டது.

இதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்குள் இரண்டு வகைப் பிணைப்பு இருந்தால், உருகும்போது அவிழ்வது எது? முதன்மைப் பிணைப்புகளான அயனி, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு மூன்றிலும் ஒரு மோலுக்குப் பொதுவாகச் சில நூறு கிலோஜூல் ஆற்றல் இருக்கும். இரண்டாம் நிலைப் பிணைப்பான வாண்டர்வால்ஸ் விசையில் சில கிலோஜூல் முதல் சில பத்து கிலோஜூல் வரைதான். ஆர்கானில் வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே உண்டு. அந்தத் திண்மத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க மோலுக்கு எட்டு கிலோஜூல்கூட ஆகாது; மைனஸ் 189 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. டங்ஸ்டனைப் பிரிக்க சுமார் 850 கிலோஜூல் வேண்டும். அது உருகுவது 3,422 டிகிரியில்.

குளோரின், புரோமின், அயோடின் வரிசையைப் பாருங்கள். மூலக்கூறுக்குள் இரண்டு அணுக்களைச் சேர்க்கும் சகப்பிணைப்பின் ஆற்றல் முறையே 242, 193, 151 கிலோஜூல் என்று இறங்கிக்கொண்டே போகிறது. உருகுநிலையோ மைனஸ் 101, மைனஸ் 7, 114 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகிறது. "வலுவான பிணைப்பு, உயர்ந்த உருகுநிலை" என்ற வரியை அப்படியே போட்டால் விடை தலைகீழாக வரும். காரணம், அயோடின் உருகும்போது அயோடின் மூலக்கூறு உடைவதே இல்லை. ஜோடி ஜோடியாகத்தான் நகர்கிறது. அவிழ்வது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலுள்ள வாண்டர்வால்ஸ் பிடி மட்டும். அணு பெரிதாகப் பெரிதாக எலக்ட்ரான் மேகம் தளர்ந்து சுலபமாக அசையும். அதனால் அந்தப் பிடி கூடுகிறது. அயோடின் ஆவி ஊதா நிறத்தில் அதே ஜோடிகளாக எழுவதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் நிலைப் பிணைப்பிலேயே சற்றுப் பலமானது ஹைட்ரஜன் பிணைப்பு. அது இல்லாத ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 85 டிகிரியில் உருகும்போது, அதைவிட லேசான தண்ணீர் 0 டிகிரி வரை கட்டியாக நிற்பது அதனால்தான்.

இனி உங்கள் இரும்பும் சிலிக்கானும். தூய இரும்பு 1,538 டிகிரியில் உருகும். சிலிக்கான் 1,414 டிகிரியில். தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஆகும் ஆற்றலும் அருகருகேதான்: இரும்புக்கு மோலுக்குச் சுமார் 415 கிலோஜூல், சிலிக்கானுக்குச் சுமார் 450. ஆனால் கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் மெஷினில் வைத்தால், நன்றாக அனீல் செய்த தூய இரும்பு எழுபது, எண்பது என்று காட்டும் இடத்தில் சிலிக்கான் ஆயிரத்தைத் தாண்டும். பிடியின் அளவு ஒன்றுதான் என்றால் இந்தப் பத்து மடங்குக்கு மேலான வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இரும்பில் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை. படிகம் முழுவதும் பரவிக்கிடக்கின்றன. நேர்மின் அயனிகளை இந்தப் பொது எலக்ட்ரான் கூட்டம்தான் கட்டிப்போட்டிருக்கிறது. இந்தப் பிடிக்குத் திசை என்ற நிபந்தனை பெரிதாக இல்லை. ஓர் அயனி ஓர் இடம் தள்ளி அமர்ந்தால் அங்கேயும் அதே எலக்ட்ரான், அதே மாதிரி அண்டை அயனிகள். நஷ்டம் எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் ஒரு முழுத் தளத்தை ஒரே மூச்சில் இன்னொரு தளத்தின்மேல் தள்ளுவது எளிதல்ல. 1926ல் ரஷ்ய இயற்பியலாளர் யாக்கோவ் ஃப்ரெங்கெல் இதைக் கணக்கிட்டார். தேவையான தகைவு, பொருளின் ஷியர் மாடுலஸை 2π ஆல் வகுத்தால் கிடைப்பதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்தது. இரும்பின் ஷியர் மாடுலஸ் சுமார் 82 கிகாபாஸ்கல். வகுத்தால் 13 கிகாபாஸ்கல், அதாவது 13,000 மெகாபாஸ்கல். நிஜத்தில் தூய இரும்பின் ஒற்றைப் படிகம் சில பத்து மெகாபாஸ்கலிலேயே வழுக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த நூற்றுக்கணக்கான மடங்கு இடைவெளிக்கு 1934ல் டெய்லர், ஒரோவான், போலன்யி மூவரும் தனித்தனியாக ஒரே விடையைச் சொன்னார்கள். படிகத்தின் அணு வரிசையில் கோடாக ஓடும் பிசகு, அதாவது டிஸ்லொகேஷன். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டுமானால் முழுதாக இழுக்க ஆள் போதாது. ஒரு ஓரத்தில் மடிப்பை எழுப்பி அதை மறுஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால் ஒருவரே நகர்த்திவிடலாம். படிகத்தில் அந்த மடிப்பு டிஸ்லொகேஷன். அது ஒரு படி நகரும்போது ஒரு வரிசைப் பிணைப்பு மட்டும் ஆள் மாறுகிறது. உலோகப் பிணைப்பு அந்த மாற்றத்துக்கு மறுப்புச் சொல்வதில்லை. அதனால் இரும்பு வளைகிறது.

சிலிக்கானில் ஒவ்வொரு அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு, 109.5 டிகிரி கோணத்தில், ஜோடி எலக்ட்ரான்களால் கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கோணம் அதிகம் மாறினால் பிணைப்பே போயிற்று. டிஸ்லொகேஷன் இங்கேயும் இருக்கலாம், ஆனால் ஒரு படி நகர அது ஒரு சகப்பிணைப்பை நிஜமாகவே அறுத்து இன்னொன்றைக் கட்டியாக வேண்டும். அறை வெப்பநிலையில் அதற்கு வழியில்லை. டிஸ்லொகேஷன் உறைந்து நிற்கிறது. ஊசி அழுத்தத்துக்கு எதிராகப் பிணைப்பின் முழு வலுவும் எழுந்து நிற்பதால் கடினத்தன்மை உயர்ந்து தெரிகிறது. தகைவு ஏறிக்கொண்டே போய், எங்காவது ஒரு கீறலின் நுனியில் தளமே பிளந்துவிடுகிறது. சிலிக்கான் வேஃபரை ஓரத்தில் லேசாகக் கீறி அழுத்தினால், படிகத் தளத்தை ஒட்டி நேர்கோடாகப் பிளப்பது இதனால்தான். அதே வேஃபரை சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் டிஸ்லொகேஷன்கள் நகரத் தொடங்கும், சிலிக்கானும் வளையும். பிணைப்பு அதேதான். ஆள் மாற்றத் தேவையான ஆற்றலை வெப்பம் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இவ்வளவு கறாரான பிணைப்பு கொண்ட சிலிக்கான் ஏன் இரும்பைவிட முன்பே உருகுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உருகுநிலையைத் திண்மத்தின் பிடி மட்டும் தீர்மானிப்பதில்லை. உருகியபின் கிடைக்கும் திரவம் எப்படிப்பட்டது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. உருக்க வேண்டிய வெப்பத்தை, உருகுவதால் கூடும் ஒழுங்கின்மையால் வகுத்தால் உருகும் வெப்பநிலை வரும். ஒரு மோல் இரும்பை உருக்க சுமார் 13.8 கிலோஜூல் போதும். சிலிக்கானுக்கு 50 கிலோஜூல் வேண்டும், கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. இரும்பு உருகினாலும் அதே எலக்ட்ரான் கூட்டம், ஏறக்குறைய அதே நெருக்கம், பெரிய மாற்றமில்லை. சிலிக்கான் உருகும்போது நான்கு கைப் பின்னல் குலைந்து, அணுக்கள் நெருங்கி உட்கார்ந்து, அந்தத் திரவம் ஓர் உலோகமாகவே மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. அடர்த்திகூட கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராமிலிருந்து 2.57 கிராமுக்கு ஏறுகிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதுபோல் திண்ம சிலிக்கான் தன் உருகிய திரவத்தில் மிதக்கும். வெப்பம் மூன்றரை மடங்கு தேவைப்பட்டாலும், ஒழுங்கின்மை ஏறக்குறைய நான்கு மடங்கு கூடிவிடுகிறது. வகுத்தால் 1,414 டிகிரிக்கே வந்து நிற்கிறது. ஆகவே, இந்த இரண்டின் உருகுநிலையும் அருகருகே இருப்பதை வைத்து, பிணைப்பும் ஒரே மாதிரி என்று எண்ணிவிட வேண்டாம்.

அயனிப் பிணைப்பில் கணக்குப் போடுவது இன்னும் நேரடியானது. கூலும் விதி ஒன்றே போதும். சோடியம் குளோரைடும் மக்னீசியம் ஆக்சைடும் ஒரே அமைப்புள்ள படிகங்கள். உப்பில் மின்சுமை ஒன்றுக்கு ஒன்று. அயனிகளுக்கிடையே தூரம் 2.82 ஆங்ஸ்ட்ராம். மக்னீசியம் ஆக்சைடில் இரண்டுக்கு இரண்டு, தூரம் 2.11 ஆங்ஸ்ட்ராம். சுமைகளின் பெருக்கல் நான்கு மடங்கு, அதோடு தூரம் குறைந்ததற்காக 2.82ஐ 2.11ஆல் வகுத்துப் பெருக்கினால் ஈர்ப்பாற்றல் சுமார் 5.3 மடங்கு வர வேண்டும். அளந்து கண்ட படிக ஆற்றல் உப்புக்கு 787 கிலோஜூல், மக்னீசியம் ஆக்சைடுக்குச் சுமார் 3,790, கிட்டத்தட்ட 4.8 மடங்கு. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு அருகில் வருவதே அழகு. உருகுநிலையோ 801 டிகிரியிலிருந்து 2,850 டிகிரி வரை போகிறது. கெல்வினில் பார்த்தால் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஐந்து மடங்கு இல்லை. உருகிய உப்பிலும் அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. 787 கிலோஜூலில் உருக்கத் தேவைப்படுவது 28 கிலோஜூல் மட்டுமே. உருகுதல் என்பது பிணைப்பு அறுதல் என்று எழுதுவதைவிட, பிணைப்பின் ஒழுங்கு தளர்தல் என்று எழுதினால் சரியாக இருக்கும். சேலத்தில் வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கும் மாக்னசைட்டைச் சுட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றினால் மிஞ்சுவது இந்த மக்னீசியம் ஆக்சைடுதான். 1,600 டிகிரி உருக்கிரும்பைத் தாங்கும் உலைச் செங்கல் அதிலிருந்து வருகிறது.

அயனிப் படிகம் ஏன் நொறுங்குகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கல்லுப்பில் தெளிவான ஒரு பரலை எடுத்து, அதன் ஒரு முகத்துக்கு இணையாகக் கத்தி முனையை வைத்து லேசாகத் தட்டுங்கள். தாறுமாறாக உடையாமல் சதுர முகங்களோடு பிளக்கும். அந்த முகத்தின் ஓரத் திசையில் ஒரு தளத்தை ஓர் அயனி தூரம் தள்ளினால், சோடியத்துக்கு எதிரே சோடியம், குளோரைடுக்கு எதிரே குளோரைடு வந்து நிற்கும். ஈர்த்தவை விலக்கத் தொடங்கும். மூலைவிட்டத் திசையில் தள்ளினால் அதே வகைச் சுமைகள் நேருக்கு நேர் வராமல் வழுக்கலாம், எனவே நல்ல ஒற்றைப் படிகத்தை மெதுவாக அழுத்தினால் உப்பும் கொஞ்சம் வடிவம் மாறும். ஆனால் அந்த ஒரு சில வழிகள் போதாது. பல படிகங்கள் ஒட்டிய கட்டியில், பக்கத்துப் படிகம் எந்தத் திசையில் நெளியச் சொன்னாலும் நெளிந்துகொடுக்க முடியாமல் எல்லையில் விரிசல் விடும்.

கிராஃபைட்டுக்கு வருவோம். தளத்துக்குள் கார்பனுக்கும் கார்பனுக்கும் தூரம் 1.42 ஆங்ஸ்ட்ராம். வைரத்தில் 1.54. அதாவது தளத்துக்குள் மட்டும் பார்த்தால் கிராஃபைட்டின் பிணைப்பு வைரத்தைவிட நெருக்கமானது. ஆனால் தளத்துக்கும் தளத்துக்கும் இடைவெளி 3.35 ஆங்ஸ்ட்ராம், அங்கே இருப்பது வாண்டர்வால்ஸ் விசை மட்டும். பென்சிலை அழுத்தும்போது சகப்பிணைப்பு எதுவும் அறுபட வேண்டியதில்லை. தளங்கள் உரிந்து தாளில் ஒட்டிக்கொள்கின்றன. வெப்பம் அப்படி ஏமாறாது. தளத்துக்குள் இருக்கும் பிணைப்புகள் அறும்வரை அணு விடுபடாது. அதனால் கிராஃபைட் 3,600 டிகிரி வாக்கில், அதுவும் சாதாரண அழுத்தத்தில் உருகாமல் நேரே ஆவியாகிறது. பலவீனமான பிணைப்பு கடினத்தன்மையைத் தீர்மானிக்க, பலமான பிணைப்பு வெப்பத் தாக்குப்பிடிப்பைத் தீர்மானிக்க, இரண்டும் ஒரே பொருளில் அருகருகே. அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிராஃபைட் வழுக்குவதற்குத் தளங்களின் மேலும் ஓரங்களிலும் ஒட்டிய ஈரப்பதமும் உதவுகிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் உயரப் பறந்த விமானங்களில், உலர்ந்த மெல்லிய காற்றில், ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்கள் வேகமாகத் தூளாகிப் போனபோதுதான் இது பொறியாளர்களுக்கு உறைத்தது. வெற்றிடத்தில் இயங்க வேண்டிய இடங்களுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

கடினத்தன்மையும் உருகுநிலையும் தனித்தனி என்பதற்கு உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. முதலாவது எஃகு. 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விக்கர்ஸ் எண் 800ஐத் தாண்டுகிறது, தூய இரும்பைவிடப் பத்து மடங்கு. பிணைப்பு பத்து மடங்கு வலுவாகவில்லை. வெளியேற நேரம் கிடைக்காமல் சிக்கிய கார்பன் அணுக்கள் படிகத்தைக் கோணலாக்கி, டிஸ்லொகேஷன் போகும் வழியெல்லாம் முட்டுக்கட்டை போட்டுவிட்டன. உருகுநிலை உயரவும் இல்லை. அந்த எஃகு 1,400 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, லேத்தில் மாட்டும் கார்பைடு டூல். தூய டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை தாங்கும் உலோகம். விக்கர்ஸ் சுமார் 350. அதில் கார்பனைச் சேர்த்து டங்ஸ்டன் கார்பைடு ஆக்கினால் உருகுநிலை சுமார் 600 டிகிரி இறங்குகிறது, கடினத்தன்மையோ 2,000ஐத் தாண்டுகிறது. டங்ஸ்டனுக்கும் கார்பனுக்கும் இடையே திசை பிடித்த சகப்பிணைப்பு நுழைந்து, ஆள் மாற்றும் சுதந்திரத்தைப் பறித்துவிட்டது. அதே காரணத்தால் அது நொறுங்கும் தன்மையையும் வாங்கிக்கொண்டது. எனவே தூளோடு ஆறு முதல் பத்து சதவீதம் வரை கோபால்ட்டைக் கலந்து சூளையில் கட்டியாக்குகிறார்கள்; விரிசல் வந்தால் கோபால்ட் நெளிந்து அதன் நுனியை மழுங்கடிக்கும். உலோகப் பிணைப்பும் சகப்பிணைப்பும் ஒரே இன்சர்ட்டில் பங்கு பிரித்துக்கொண்டு வேலை செய்கின்றன.

வைரத்தைப் பற்றி ஒன்று. பரீட்சையில் "மிகக் கடினம், எனவே எதையும் வெட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அலுமினியத்தையும் கல்லையும் அருமையாக வெட்டும் வைர டூல், எஃகில் வேகமாக ஓட்டினால் முனை வழுவழுவென்று தேய்ந்துபோகும். சில்லாக உடைந்த தடமே இருக்காது. வெட்டும் இடத்தின் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்துபோகிறது. அங்கே தோற்றது கடினத்தன்மை இல்லை. கார்பனுக்குக் கார்பனோடு இருப்பதைவிட இரும்போடு சேர்வது லாபமாகிவிட்டது. அதனால்தான் கடினப்படுத்திய எஃகை வெட்ட, வைரத்தைவிட மென்மையான, ஆனால் இரும்பில் கரைய மறுக்கும் க்யூபிக் போரான் நைட்ரைடு டூலைப் போடுகிறார்கள்.